ஃப்ளோரைடு எனாமலை எப்படிக் காக்கிறது: கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரைடு பல்லைக் கெட்டியாக்கும் என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது டாக்டர்?

எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள்தான். மிச்சம் தண்ணீரும் கொஞ்சம் புரதமும். அந்தத் தாதுவுக்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்று பெயர், வாய்பாடு Ca10(PO4)6(OH)2. கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சிலும் ஒழுங்காக அடுக்கிய மெல்லிய படிகங்கள் அவை.

படிகத்தின் நடுவே நீளவாக்கில் ஹைட்ராக்சில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று கால்சியம், முக்கோணம் போல. ஆனால் ஹைட்ராக்சில் அந்த முக்கோணத்தின் நட்ட நடுவில் பொருந்துவதில்லை, சற்று மேலேயோ கீழேயோ தள்ளித்தான் நிற்கும். ஃப்ளோரைடு அயனி கச்சிதமாக நடுவில் உட்கார்ந்துவிடும். மூன்று கால்சியத்தின் பிடியும் இறுகும், படிகம் எளிதில் கரையாது. ஹைட்ராக்சில் இருந்த இடத்திலெல்லாம் ஃப்ளோரைடு வந்துவிட்டால் அதுதான் ஃப்ளோரோஅபடைட், Ca10(PO4)6F2.

அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சிலைப் பார்த்தால் விடாது, பிடித்துத் தண்ணீராக்கிவிடும். ஃப்ளோரைடை அது அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. படிகம் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வாயில் இருப்பது சுத்தமான ஹைட்ராக்ஸிஅபடைட் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல் உருவாகும்போதே அதில் கார்பனேட் கலந்துவிடுகிறது. கார்பனேட் இருக்கும் இடம்தான் முதலில் கரையும். அப்படிக் கரைந்த இடத்தில் ஃப்ளோரைடு இருக்கும்போது தாது திரும்பப் படிந்தால், புதிதாகப் படிவதில் கார்பனேட் குறைவு, ஃப்ளோரைடு அதிகம். பழையதைவிடப் புதியது உறுதி. பல் முழுவதும் ஃப்ளோரோஅபடைட்டாக மாறிவிடாது. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில், அதுவும் ஓரளவுக்குத்தான் இந்த மாற்றம்.

நான் புளிப்பே அவ்வளவாகச் சாப்பிட மாட்டேன். அமிலம் எங்கிருந்து வருகிறது?

பல்மேல் படியும் கிருமிப் படலத்திலிருந்து. அதில் வாழும் பாக்டீரியாக்கள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை, சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. காபியில் போட்ட ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும். சில நிமிடங்களில் அந்தப் படலத்தின் பி.எச். 7-க்குப் பக்கத்திலிருந்து 5 வரைகூட இறங்கிவிடும். அப்புறம் உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தை முறித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 1940களில் ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் அளந்து வரைந்தார். இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் அதை ஸ்டீஃபன் வளைகோடு என்றுதான் படிக்கிறார்கள்.

பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் ஹைட்ராக்ஸிஅபடைட் கரையத் தொடங்கும். ஃப்ளோரோஅபடைட்டுக்கு அந்த எல்லை சுமார் 4.5. இந்த ஒரு புள்ளி வித்தியாசம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பி.எச். ஒன்று குறைந்தால் அமிலத்தின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். தவிர, சர்க்கரை சாப்பிட்ட பின் படலம் பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் ஹைட்ராக்ஸிஅபடைட் கரையும், ஆனால் கரைந்து வந்த கால்சியமும் பாஸ்பேட்டும் பக்கத்தில் ஃப்ளோரைடு இருந்தால் ஃப்ளோரோஅபடைட்டாக அங்கேயே திரும்பப் படியலாம். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் இழப்பு, ஒரு பக்கம் மீட்பு.

இந்த எண்கள் கல்லில் பொறித்தவை அல்ல. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் குறைவாக இருப்பவர்களுக்கு எல்லை இன்னும் மேலே, 6-க்குக்கூடப் போகும்.

அப்படியானால் ஒரு தடவை நன்றாக ஃப்ளோரைடு ஏற்றிக்கொண்டால் போதாதா? தினமும் எதற்கு?

என்னிடம் கேட்கப்படுவதில் மிக நல்ல கேள்வி இதுதான். நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் இதே எண்ணம்தான். பல்லுக்குள் ஃப்ளோரைடு சேரச் சேரப் பல் கெட்டி என்றுதான் முன்பு எல்லோரும் நம்பினார்கள். குழந்தைகளுக்கு ஃப்ளோரைடு மாத்திரை கொடுத்த காலமும் உண்டு.

அந்த நம்பிக்கையை அசைத்தது சுறாமீனின் பல். சுறாவின் பல் எனாமல் கிட்டத்தட்ட முழு ஃப்ளோரோஅபடைட். இயற்கையில் அதைவிட ஃப்ளோரைடு ஏறிய பல் கிடைப்பது அரிது. 1988-இல் நார்வேயின் ஓகார்டும் அவருடைய குழுவினரும் சுறா எனாமல் துண்டுகளையும் மனித எனாமல் துண்டுகளையும் மனிதர்களின் வாயில் பொருத்தி, மேலே கிருமிப் படலம் சேரும்படி விட்டார்கள். சுறாவின் பல்லிலும் சொத்தையின் ஆரம்பம் வந்தது! மனிதப் பல்லைவிடக் குறைவாகத்தான் கரைந்தது, ஆனால் கரைந்தது. தினமும் ஃப்ளோரைடு கரைசலால் கொப்பளித்தவர்களின் வாயில் இருந்த சாதாரண மனித எனாமல், சுறா எனாமலைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது.

படிகத்துக்குள் பூட்டி வைத்த ஃப்ளோரைடு தரும் பாதுகாப்பு ஓரளவுதான். பல்லைச் சுற்றியுள்ள ஈரத்தில், அமிலம் வரும் அந்த நிமிடத்தில் இருக்கும் ஃப்ளோரைடுதான் பெரிய வேலையைச் செய்கிறது. ஒரு பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாக இருந்தால்கூடப் போதும், அது படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அந்த இடம் கரையாமல் தடுக்கும். அமிலம் தணிந்ததும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துப் படியவைக்கும்.

பேஸ்ட்டில் இருந்து வரும் ஃப்ளோரைடில் கொஞ்சம் உமிழ்நீரின் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஃப்ளோரைடு துகள்களாகப் பல்மேலும் படலத்திலும் தங்கும். பி.எச். இறங்கும்போது இந்தத் துகள்கள் கரைந்து ஃப்ளோரைடை வெளியே விடும். தேவைப்படும் நேரத்தில் திறக்கும் சின்னச் சேமிப்பு. ஆனால் திறக்கத் திறக்கத் தீர்ந்துபோகும், அதனால்தான் தினமும் நிரப்ப வேண்டியிருக்கிறது.

பல்லில் கிளிப் போட்டிருக்கிறேன். கிளிப்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டு வந்திருக்கிறது. இது சொத்தையா, கறையா?

இதே கேள்வியோடு வந்த ஒரு இளம்பெண்ணின் கதையையே சொல்கிறேன். வயது 22, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. கிளிப் போட்டுப் பதினொரு மாதம். மேல்வரிசை முன்பற்கள் நான்கில், கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை.

முதலில் பல்லைத் துடைத்துவிட்டு ஐந்து நொடி காற்றடித்துப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போதே இரண்டு பற்களில் திட்டு தெரிந்தது. மற்ற இரண்டில் காய்ந்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தாது கரைந்த இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகி, உள்ளே தண்ணீர் நிற்கும். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1. துளையில் தண்ணீர் இருந்தால் ஒளி கொஞ்சம்தான் சிதறும். காற்று புகுந்தால் நன்றாகச் சிதறி வெள்ளையாகத் தெரியும். ஆக, காய்ந்தால் மட்டும் தெரிவது ஆழமில்லாத சேதம். ஈரத்திலேயே தெரிவது ஆழமாகப் போனது.

திட்டு சொரசொரப்பாக, மினுமினுப்பு இல்லாமல் இருந்தது. சேதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் மேற்பரப்பு உடையவில்லை. தாது முதலில் உள்ளிருந்துதான் போகும், மேலே ஒரு மெல்லிய கூரை நிற்கும். அதனால்தான் இந்தக் கட்டத்தில் கூர்மையான கருவியால் அழுத்திக் குத்தக் கூடாது. கூரை உடைந்துவிட்டால் திரும்ப வழி இல்லை.

அடுத்து அவளுடைய ஒரு நாளை எழுதச் சொன்னேன். ஏழு மணிக்குக் காபி, எட்டரைக்கு டிபன், பதினொன்றுக்கு டீயும் பிஸ்கட்டும், ஒன்றரைக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு டீ. அப்புறம் மேஜைமேல் ஒரு ஜூஸ் பாட்டில், ஐந்திலிருந்து ஆறுவரை வாய்வாயாக. ஒன்பதுக்கு இரவுச் சாப்பாடு. பல் தேய்த்துவிட்டு, பதினொன்றுக்குச் சர்க்கரை போட்ட பால். மொத்தம் எட்டுத் தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்று வைத்தாலே நான்கு மணி நேரம் பல் அமிலத்தில் இருக்கிறது. ஜூஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. கடைசியாகக் குடித்த பால் அதைவிட மோசம், தூக்கத்தில் உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றுவிடுவதால் அந்த அமிலத்தை முறிக்க யாருமில்லை. இத்தனைக்கும் அவள் பயன்படுத்திய மூலிகைப் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இல்லை.

காபியை நிறுத்தச் சொல்லவில்லை. ஜூஸ் பாட்டிலில் தண்ணீர் என்று ஆயிற்று. பால் சாப்பாட்டோடு சேர்ந்து, பல் தேய்ப்பதற்கு முன்னால் வந்தது. பதினொரு மணி டீயில் சர்க்கரையும் பிஸ்கட்டும் போயின. எட்டு ஐந்தாகக் குறைந்தது. பேஸ்ட் 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு உள்ளதாக மாறியது. கிளிப்புக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ் ஒன்று கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் தடவினேன். அது 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, அதாவது 22,600 பி.பி.எம்.

ஆறு மாதத்தில் ஆழமில்லாத இரண்டும் கிட்டத்தட்ட மறைந்தன. மற்ற இரண்டிலும் வெள்ளை இருக்கிறது, ஆனால் பளபளப்பாக, வழவழப்பாக ஆகிவிட்டது. சேதம் நின்றுவிட்டது என்று அர்த்தம். வெள்ளை மட்டும் வடு போலத் தங்கிவிட்டது, ஏனென்றால் மேற்படலம் இறுகியதும் உள்ளே ஆழத்துக்குத் தாது போய்ச் சேருவது கஷ்டம். கிளிப்பைக் கழற்றிய பிறகு முன்பல்லில் அழகுக்காக மட்டும் சரிசெய்ய வேண்டிய திட்டு என்றால், இதே காரணத்தால் வார்னிஷைத் தவிர்த்துப் பேஸ்ட்டின் குறைந்த அளவிலேயே பொறுமையாக விடுவேன். இவளுக்கு இன்னும் ஒரு வருடம் கிளிப் இருந்ததால் அழகைவிடப் பல்தான் முதலில்.

பல் தேய்த்ததும் வாய் கொப்பளிக்கக் கூடாதாமே? வழவழவென்று இருக்கிறதே!

துப்புங்கள், தாராளமாகத் துப்புங்கள். அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதுதான் வேண்டாம். சாதாரணமாக உமிழ்நீரில் ஃப்ளோரைடு 0.02 பி.பி.எம். போலத்தான் இருக்கும். தேய்த்து முடித்ததும் அது பல மடங்கு ஏறி, ஒன்றிரண்டு மணி நேரம் மெல்ல இறங்கும். அந்த நேரம்தான் மருந்து வேலை செய்யும் நேரம். பலமுறை கொப்பளித்தால் அதைச் சாக்கடையில் விட்டதாகிறது.

நாம் சின்ன வயதிலிருந்து கிணற்றடியிலும் குழாயடியிலும் நாலு தடவை கொப்பளித்தே வளர்ந்தவர்கள், பழக்கம் சட்டென்று போகாது. முதல் வாரம் ஒரு மடக்குத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் அதுவும் தேவைப்படாது. இரவில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவது அமிலத்துக்கு வசதி என்றேனே, ஃப்ளோரைடுக்கும் அதே வசதிதான், நீண்ட நேரம் கழுவப்படாமல் தங்கும்.

டியூபில் எதைப் பார்த்து வாங்குவது?

பி.பி.எம். எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பி.பி.எம்.-க்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது, அளவை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும், காலாவதித் தேதியும் வேண்டும் என்பது விதி. எண் இல்லை, கலவையின் பெயர் மட்டும் இருக்கிறது என்றால் 0.76 சதவீத சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட்டும் 0.22 சதவீத சோடியம் ஃப்ளோரைடும் இரண்டுமே சுமார் 1000 பி.பி.எம்.தான். முதலாவதன் எடையில் ஃப்ளோரைடு 13 சதவீதம்தான், இரண்டாவதில் 45 சதவீதம், அதனால்தான் சதவீத எண்கள் இவ்வளவு தள்ளி நிற்கின்றன.

நம் ஊர் பேஸ்ட்டுகள் பலவற்றில் தேய்ப்புப் பொருள் கால்சியம் கார்பனேட். சோடியம் ஃப்ளோரைடை அதோடு கலந்தால் அதிலுள்ள கால்சியம் அந்த ஃப்ளோரைடைப் பிடித்துவைத்துப் பயனில்லாமல் ஆக்கிவிடும். ஆகவே அங்கே மோனோஃப்ளோரோபாஸ்பேட் சேர்க்கிறார்கள். அது வாய்க்குள் வந்து உடைந்துதான் ஃப்ளோரைடைத் தரும். டியூபுக்குள்ளேயே நாளாக ஆக அது கொஞ்சம் கொஞ்சமாக உடையும், வெயிலில் இன்னும் சீக்கிரம். சென்னையின் மே மாதத்தில் காருக்குள்ளோ மொட்டைமாடித் தகர அறையிலோ கிடந்த டியூபை நம்ப வேண்டாம். தள்ளுபடியில் மொத்தமாக வாங்கி இரண்டு வருடம் அடுக்கி வைப்பதும் வேண்டாம்.

வீட்டில் கேன் தண்ணீர்தான். ஃப்ளோரைடு குறைந்துபோகுமா?

குறைவாகத்தான் இருக்கும். ஆர்.ஓ. முறை தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு, ஆனால் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் அது ஆர்.ஓ. வழியாகத்தான் குடிநீராகிறது. மெட்ரோ வாட்டரில் யாரும் ஃப்ளோரைடு சேர்ப்பதும் இல்லை. ஆனால் இதற்காகக் கேனை மாற்ற வேண்டாம். நான் முன்பே சொன்னபடி, வேலை நடப்பது பல்லின் மேற்பரப்பில். பேஸ்ட் அங்கே நேராகவே போய்ச் சேருகிறது.

எங்கள் சொந்த ஊர் தர்மபுரி. அங்கே ஃப்ளோரைடால்தான் பல் பழுப்பாகிறது. நீங்கள் அதையே போடச் சொல்கிறீர்களே?

உங்கள் பயம் நியாயமானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். ஃப்ளோரைடு அதிகமானால் வரும் இந்த நோய்க்கு ஃப்ளோரோசிஸ் என்று பெயர், 1937-லேயே மெட்ராஸ் மாகாணத்தில் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இரண்டும் வேறு வேறு வழி. பழுப்புக் கறை வருவது விழுங்கிய ஃப்ளோரைடால், பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில். இரத்தத்தில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமலைக் கட்டும் செல்களின் வேலை கெடும். புரதம் முழுதாக நீங்காமல் எனாமல் துளைத்துளையாக வெளிவரும். பல் முளைத்து முடிந்த பெரியவருக்குப் பேஸ்ட்டால் அந்தக் கறை வராது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

கண்ணால் பிரித்தறிவதற்கு ஒரு வழி உண்டு. ஃப்ளோரோசிஸ் இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல் முழுக்கக் கிடைக்கோடுகளாகப் பரவும். சொத்தையின் வெள்ளைத் திட்டு அழுக்கு சேரும் இடத்தில், ஈறோரத்திலோ கிளிப்பைச் சுற்றியோ வரும்.

ஊரில் இன்னும் போர் தண்ணீரையே குடிக்கும் குழந்தை என்றால், முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பேஸ்ட் அளவை அப்புறம் பேசலாம்.

இரண்டு வயதுப் பையன், பேஸ்ட்டைத் துப்பாமல் விழுங்கிவிடுகிறான். ஃப்ளோரைடு இல்லாததை வாங்கட்டுமா?

வேண்டாம்மா, அளவைக் குறைத்தால் போதும். மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவு. அது சுமார் 0.1 கிராம், 1000 பி.பி.எம். பேஸ்ட்டில் அதிலுள்ள ஃப்ளோரைடு 0.1 மில்லிகிராம். இரண்டு வேளையும் முழுதாக விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நுரையோடு பிழிவதைப் பார்த்துப் பழகிய கைக்கு இது ரொம்பக் குறைவாகத் தெரியும், அதனால் பேஸ்ட்டை நீங்களே பிழியுங்கள், தேய்ப்பதையும் நீங்களே செய்யுங்கள்.

டியூபை உயரத்தில் வையுங்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை. 10 கிலோ குழந்தைக்கு அது 50 கிராம் பேஸ்ட். பழ வாசனைப் பேஸ்ட்டில் அரை டியூபைத் தின்றுவிட்டால் கொஞ்சம் பால் கொடுத்துவிட்டு, டியூபையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பாலின் கால்சியம் ஃப்ளோரைடைக் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

எலுமிச்சை ஜூஸ், கோலா எல்லாம் குடித்தாலும் ஃப்ளோரைடு காப்பாற்றுமா?

அங்கே அதன் கை ஓங்காது. எலுமிச்சைச் சாறும் கோலாவும் பி.எச். 2 முதல் 3 வரை. ஃப்ளோரோஅபடைட்டின் எல்லையான 4.5-க்கும் வெகு கீழே. அந்த அமிலத்தில் இரண்டு தாதுவுமே கரையும். வெயிலுக்கு லெமன் ஜூஸ் குடிப்பவர்கள் ஒரேயடியாகக் குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் வாயை அலசுங்கள். உடனே பிரஷ் எடுக்க வேண்டாம், மேற்பரப்பு மென்மையாகியிருக்கும், அரை மணி நேரமாவது விடுங்கள்.

சின்னதாக ஓட்டை விழுந்துவிட்டது. வார்னிஷ் அடித்தால் மூடிக்கொள்ளுமா?

மூடாது. மேல்கூரை நிற்கும்வரைதான் தாது திரும்பப் படிய இடம் இருக்கிறது. கூரை விழுந்த பள்ளத்தில் கிருமிப் படலம் புகுந்துவிடும், பிரஷ் போகாது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விட்டதால் புதிதாக வளரவும் வளராது. அதை அடைக்கத்தான் வேண்டும். அடைத்த பிறகும் அடைப்பின் விளிம்பில் இரவு பேஸ்ட் தங்கட்டும், மறுபடி சொத்தை தொடங்குவது பெரும்பாலும் அந்த விளிம்பிலிருந்துதான்.